முன்பே முடிவான பயணம், புதிய வேலை: சேர்வதற்கு முன் தேதிகளைச் சொல்லும் முறை

புதிய நிறுவனத்தில் சேர்ந்த மூன்றாவது வாரத்தில் வந்து இரண்டு வாரம் விடுப்பு வேண்டும் என்று கேட்பவரும், வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன்பே அந்தத் தேதிகளைச் சொல்லிவிடுபவரும் கேட்பது ஒரே விடுப்பைத்தான். ஆனால் முன்னவர் கேட்கும்போது மேலாளர் அவரை ஒரு வேலைத் திட்டத்தில் சேர்த்து, வாடிக்கையாளரிடம் பெயரும் கொடுத்திருப்பார். பின்னவர் சொல்லும்போது எல்லாமே தாளில்தான் இருக்கும், தேதிகளை நகர்த்துவது எளிது. எனவே இந்த விஷயத்தில் கேட்கும் சொற்களைவிடக் கேட்கும் வேளைதான் முக்கியம். சென்னை, கோயம்புத்தூர், பெங்களூர் போன்ற ஊர்களின் மென்பொருள் நிறுவனங்களில் வேலை மாறுபவர்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன், ஏனெனில் 60 நாள், 90 நாள் என்று நீளும் நோட்டீஸ் காலம் அங்கேதான் பயணத் தேதிகளோடு அதிகமாக முட்டிக்கொள்கிறது.

முதல் படி: சொல்லவேண்டிய பயணம்தானா என்று பாருங்கள்

எல்லாப் பயணத்தையும் முன்கூட்டியே அறிவிக்கத் தேவையில்லை. சேர்ந்த பிறகு வரும் ஒரு வெள்ளிக்கிழமை விடுப்பையோ, ஊர்த் திருவிழாவுக்கான ஒன்றிரண்டு நாளையோ வேலை ஒப்பந்தத்தின்போது பேசினால், சின்ன விஷயத்தைப் பெரிதாக்குபவர் என்ற எண்ணம்தான் மிஞ்சும். அதேபோல் சேர்ந்து ஆறேழு மாதம் கழித்து வரும் பயணத்தை அப்போது வழக்கமான விடுப்பாகவே கேட்டுக்கொள்ளலாம். சேர்ந்த முதல் மூன்று மாதங்களுக்குள் தொடர்ச்சியாக மூன்று வேலை நாளோ அதற்கு மேலோ வர முடியாமல் போகுமானால் அதைச் சொல்லியாகவேண்டும் என்பது என் கணக்கு. முதல் வாரத்திலேயே ஒரு நாள் வர முடியாது என்றால் அதையும் சொல்லவேண்டும், ஏனெனில் அறிமுகப் பயிற்சி பெரும்பாலும் அந்த வாரத்தில்தான் நடக்கும்.

இன்னொரு கேள்வியும் இங்கேயே முடிவாகவேண்டும். பயணம் உண்மையில் நோட்டீஸ் காலத்துக்குள் விழுகிறதா, சேர்ந்த பிறகு விழுகிறதா? நோட்டீஸ் காலத்துக்குள் விழுந்தால் அது முதலில் பழைய நிறுவனத்தோடு பேசவேண்டிய விஷயம். பல நிறுவனங்கள் அந்தக் காலத்தில் விடுப்புத் தருவதில்லை, தந்தாலும் எடுத்த நாள்களைக் கடைசி வேலை நாளோடு கூட்டிவிடுகின்றன. எட்டு நாள் விடுப்பு எடுத்தால் விடுவிப்புத் தேதி எட்டு நாள் தள்ளிப்போகும், அதனால் புதிய நிறுவனத்தில் சேரும் தேதியும் தள்ளிப்போகும். பழைய நிறுவனத்தின் நோட்டீஸ் விதியைப் படித்துவிட்டுத்தான் புதிய நிறுவனத்துக்குச் சேரும் தேதியைச் சொல்லவேண்டும்.

இரண்டாம் படி: சரியான வேளையைத் தேர்ந்தெடுங்கள்

நேர்காணல் சுற்றுகளில் நீங்களாக இதை எடுக்க வேண்டாம். அந்தக் கட்டத்தில் அவர்கள் நான்கைந்து பேரை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள், உங்கள் பயணம் அந்த ஒப்பீட்டில் ஒரு குறையாக மட்டுமே எண்ணப்படும். ஆனால் ‘எப்போது சேர முடியும், அடுத்த சில மாதங்களில் நீண்ட விடுப்பு ஏதும் இருக்கிறதா’ என்று அவர்களே நேராகக் கேட்டால் மறைக்கக் கூடாது. கேட்டபோது இல்லை என்று சொல்லிவிட்டுப் பிறகு டிக்கெட்டைக் காட்டுவது, கேட்காததால் சொல்லாமல் இருந்ததைப் போல மன்னிக்கப்படுவதில்லை.

சரியான இடம், சம்பளம் பேசி முடிந்து ஆஃபர் லெட்டர் கைக்கு வந்த பிறகும், நீங்கள் அதை ஏற்றுக்கொண்டதாகப் பதில் அனுப்புவதற்கு முன்பும் உள்ள இடைவெளி. நிறுவனம் உங்களைத் தேர்ந்தெடுத்து, மற்றவர்களுக்கு இல்லை என்று சொல்லிவிட்ட நேரம் அது. பல ஆஃபர் லெட்டர்கள் இரண்டு மூன்று வேலை நாளில் காலாவதியாகிவிடும் என்பதால் இந்த இடைவெளி மிகச் சிறியது. ஆகவே கடிதம் வந்த அன்றோ மறுநாள் காலையிலோ பேசிவிடுங்கள். பதில் வரத் தாமதமானால், ஏற்பதற்கான கெடுவை இரண்டு நாள் நீட்டித்துத் தரும்படி மின்னஞ்சலில் கேட்கலாம். தருவதில் அவர்களுக்குப் பெரிய சிக்கல் இருக்காது.

இதோடு சேர்ந்த ஒரு வரிசை இருக்கிறது, அதை எந்த அவசரத்திலும் மாற்றக் கூடாது: முதலில் பயணத் தேதிகளுக்கு எழுத்துப்பூர்வமான பதில், பிறகு ஆஃபரை ஏற்பது, அதன் பிறகே பழைய இடத்தில் ராஜினாமா. ராஜினாமா கொடுத்த பிறகு பேரம் பேசும் வலு உங்களிடம் இருக்காது என்பது ஒரு காரணம். சேருவதற்கு முன்பு ஆஃபரை நிறுவனம் திரும்பப் பெற்றால் நடைமுறையில் நீங்கள் செய்யக்கூடியது மிகக் குறைவு என்பது மற்றொன்று.

மூன்றாம் படி: யாரிடம் சொல்வது

உங்களிடம் பேசிக்கொண்டிருப்பவர் யார் என்பதைக் கவனியுங்கள். அவர் வெளி கன்சல்டன்சியைச் சேர்ந்தவராக இருந்தால், நீங்கள் சேர்ந்தால்தான் அவருக்குக் கட்டணம் கிடைக்கும். இடையில் எதுவும் சிக்கலாகிவிடக் கூடாது என்ற எண்ணத்தில் ‘பரவாயில்லை சார், சேர்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம்’ என்று அவர் சொல்லிவிட்டு, நிறுவனத்துக்கு அதைத் தெரிவிக்காமலே விட்டுவிட வாய்ப்பு உண்டு. அவரிடம் சொன்னது நிறுவனத்திடம் சொன்னதாகாது. நிறுவனத்தின் சொந்த மின்னஞ்சல் முகவரியில் இருக்கும் ஹெச்.ஆருக்கே எழுதவேண்டும், கன்சல்டன்சிக்காரரை நகலில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஹெச்.ஆர். மட்டும் அறிந்திருப்பதும் போதாது. விடுப்புக்கு ஒப்புதல் தருபவர் உங்கள் வருங்கால மேலாளர். ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவர் நீங்கள் சேர்ந்த அன்றே உங்கள் கோப்பை வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுவார். மூன்று மாதம் கழித்து அவரே அந்த நிறுவனத்தில் இல்லாமலும் போகலாம். எனவே ‘மேலாளரிடம் பேசி, அவருடைய ஒப்புதலோடு பதில் தர முடியுமா’ என்று கேட்பது அதிகப்படியான கோரிக்கை அன்று.

நான்காம் படி: கணக்கைப் போட்டுவிட்டுப் பேசப் போங்கள்

இந்தப் படியில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். பயணம் இருக்கிறது என்று மட்டும் சொல்பவரைவிட, அதற்கு என்னென்ன வழிகள் உள்ளன, ஒவ்வொன்றும் யாருக்கு எவ்வளவு செலவு வைக்கும் என்று தெரிந்து பேசுபவரிடம் ஹெச்.ஆர். சீக்கிரம் முடிவு சொல்வார். ஓர் எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். தேதிகள் 2026ஆம் ஆண்டுக்கானவை.

சென்னையில் மென்பொருள் சோதனைப் பொறியாளராக இருக்கும் ஒரு பெண்ணுக்கு மார்ச் முதல் வாரத்தில் புதிய ஆஃபர் வருகிறது; மாதம் 75,000 ரூபாய். ஜெர்மனியில் இருக்கும் அக்காவுக்குக் குழந்தை பிறந்திருப்பதால், அம்மாவோடு மே 30, சனிக்கிழமை புறப்பட்டு ஜூன் 14, ஞாயிறு திரும்புவதாக ஜனவரியிலேயே விமான டிக்கெட் எடுத்துவிட்டார். அதாவது ஜூன் 1 முதல் 12 வரை பத்து வேலை நாள். பழைய நிறுவனத்தில் நோட்டீஸ் காலம் 60 நாள். மார்ச் 9, திங்களன்று ராஜினாமா கொடுத்தால், அந்த நாளையும் சேர்த்து எண்ண, கடைசி நாள் மே 7. புதிய நிறுவனம் மே 11, திங்களன்று சேரச் சொல்கிறது.

முதல் வழி, மே 11 அன்றே சேர்ந்து மூன்று வாரம் வேலை பார்த்துவிட்டு இரண்டு வாரம் விடுப்பில் போவது. புதிதாகச் சேர்ந்தவருக்கு விடுப்பு மாதாமாதம்தான் கணக்கில் ஏறும். மாதத்துக்கு ஒன்றரை நாள் என்றும், மாத நடுவுக்குள் சேர்ந்தால் அந்த மாதத்துக்கும் ஏறும் என்றும் வைத்துக்கொண்டால், மே, ஜூன் இரண்டுக்கும் சேர்த்து மூன்று நாள் கிடைக்கும். மீதி ஏழு நாள் ஊதியமில்லா விடுப்பு, அதாவது எல்.ஓ.பி. ஜூனுக்கு 30 நாள் என்பதால் ஒரு நாள் சம்பளம் 2,500 ரூபாய், ஏழு நாளுக்கு 17,500 ரூபாய் பிடித்தம். ஆனால் சில நிறுவனங்களில் ‘சாண்ட்விச்’ விதி உண்டு. விடுப்பு நாள்களுக்கு நடுவில் அகப்படும் சனி, ஞாயிறும் விடுப்பாகவே எண்ணப்படும். ஜூன் 6, 7 இரண்டும் சேர்ந்தால் விடுப்பு பன்னிரண்டு நாளாகிறது, பிடித்தம் 22,500 ரூபாயாகிறது. இந்த விதி இருக்கிறதா என்பதை ஆஃபரை ஏற்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள், பெரும்பாலும் சம்பளச் சீட்டைப் பார்த்த பிறகுதான் மக்கள் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

இரண்டாம் வழி, மே 7இல் பழைய இடத்திலிருந்து விடுபட்டு, பயணத்தை முடித்துக்கொண்டு ஜூன் 15, திங்களன்று சேருவது. கேட்க நிம்மதியாக இருக்கும். ஆனால் புதிய சம்பளத்தில் மே 11 முதல் 31 வரை 21 நாளுக்கு ஏறக்குறைய 50,800 ரூபாயும், ஜூன் 14 வரை 35,000 ரூபாயும் கிடைக்காமல் போகும். இடையில் ஐந்து வாரத்துக்கு மேல் எந்த நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீடும் இருக்காது.

மூன்றாம் வழியைப் பலர் நினைத்துப் பார்ப்பதே இல்லை. ராஜினாமாக் கடிதத்திலேயே கடைசி நாளை மே 29, வெள்ளிக்கிழமை என்று குறிப்பிட்டுப் பழைய இடத்திலேயே மூன்று வாரம் கூடுதலாக இருப்பது. நோட்டீஸைக் குறைக்கச் சொன்னால்தான் நிறுவனங்கள் மறுக்கும், கூடுதலாக இருக்கிறேன் என்றால், அதுவும் மாற்று ஆள் முடிவாகாத முதல் நாளிலேயே சொன்னால், பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும். பிறகு பயணம், ஜூன் 15இல் சேருதல். இழப்பு, மே மாதத்தின் கடைசி இரண்டு நாள் பழைய சம்பளமும், ஜூனின் 14 நாளுக்கான 35,000 ரூபாயும்தான். பழைய சம்பளமும் ஏறக்குறைய இதே அளவு என்றால், முதல் வழியைவிடப் பதினைந்து இருபதாயிரம் கூடுதல் இழப்பு, ஆனால் தகுதிகாண் பருவத்தில் நீண்ட விடுப்பு எடுத்தவர் என்ற பதிவே வராது. புதிய நிறுவனம் ஐந்து வாரம் காத்திருக்கச் சம்மதிக்கவேண்டும் என்பதுதான் இதன் நிபந்தனை.

எது நல்லது என்பது புதிய நிறுவனத்தில் உங்களுக்காகக் காத்திருக்கும் வேலையைப் பொறுத்தது. சேவை நிறுவனமாக இருந்து, வாடிக்கையாளருக்கு ஒரு குறிப்பிட்ட தேதியிலிருந்து உங்கள் வேலைக்குக் கட்டணம் வாங்கப்போகிறார்கள் என்றால், அவர்கள் உங்களை மே 11இல் உட்காரவைத்துவிட்டு இரண்டு வாரம் விடுவதை விரும்புவார்களா, தேதியையே தள்ளிவைப்பதை விரும்புவார்களா என்பது மேலாளருக்கு மட்டுமே தெரியும். வாடிக்கையாளரின் அமைப்புகளுக்குள் நுழைய அனுமதி கிடைக்கவே இரண்டு மூன்று வாரம் ஆகும் இடங்களில் முதல் வழி அவர்களுக்கு வசதியானது. நீங்கள் போய்வருவதற்குள் கணக்கு, கடவுச்சொல், மடிக்கணினி எல்லாம் தயாராகியிருக்கும். சொந்தமாகப் பொருள் தயாரிக்கும் நிறுவனங்களும் பெரும்பாலும் முதல் வழிக்கு இடம் கொடுக்கும். பத்துப் பேர் மட்டும் இருக்கும் சிறு நிறுவனத்தில், உடனே ஆள் வேண்டும் என்று எடுத்திருந்தால், மூன்றாம் வழியைச் சொல்லவே வாயெடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: விசா இருந்தால் அது தனிக் கணக்கு

வெளிநாட்டுப் பயணமாக இருந்தால் இந்தப் பேச்சை இன்னும் முன்னதாக நகர்த்தவேண்டியிருக்கும். மேலே சொன்ன பெண் செல்வது ஷெங்கன் பகுதிக்கு. அந்த விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்தாகவேண்டும், முடிவு வர வழக்கமாக 15 நாள் ஆகும். வேலையில் இருப்பவரிடம், விடுப்புக்கு நிறுவனம் அனுமதி அளித்திருக்கும் கடிதத்தையும் அண்மைச் சம்பளச் சீட்டுகளையும் கேட்பார்கள். ஊருக்குத் திரும்பி வருவீர்கள் என்பதற்கு வேலைதான் முக்கியமான சான்று.

வேலை மாறும் நடுவில் இந்தக் கடிதத்தை யார் தருவது? பழைய நிறுவனம், நோட்டீஸில் இருப்பவருக்கு அவர் அங்கே இல்லாத தேதிகளுக்கான விடுப்புக் கடிதம் தராது. புதிய நிறுவனத்தில் மே 11 அன்று சேர்ந்த பிறகு விண்ணப்பித்தால் மே 30க்குள் வந்துசேருவது மிகவும் இறுக்கம், பதினைந்து நாள் கெடுவே ஏறக்குறைய முடிந்திருக்கும். இதற்கு விடை, புதிய நிறுவனம் ஆஃபரோடு எழுதித் தரும் ஒப்புதல்தான். ‘இவர் இன்ன தேதியில் எங்களிடம் சேருகிறார், ஜூன் 1 முதல் 12 வரையிலான விடுப்பு ஏற்கப்பட்டுள்ளது’ என்று நிறுவனத் தாளில் ஒரு கடிதம் கிடைத்தால், ராஜினாமா ஏற்புக் கடிதம், ஆஃபர் லெட்டர், பழைய சம்பளச் சீட்டுகள் ஆகியவற்றோடு அதை வைத்து, நடந்ததை நடந்தபடியே விளக்கி ஒரு முகப்புக் கடிதத்தோடு மார்ச் இறுதியிலேயே விண்ணப்பிக்கலாம். வேலை மாறுவதை மறைத்து, இன்னும் பழைய இடத்திலேயே இருப்பதுபோல் படிவத்தை நிரப்புவது கூடாது. அவர்கள் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்வதும் உண்டு.

ரயில் பயணத்தில் இதற்கு நேர் எதிரான நிலை. 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவு 60 நாள்களுக்கு முன்புதான் தொடங்குகிறது. முன்னர் அது 120 நாளாக இருந்தது. ஆகவே 90 நாள் நோட்டீஸில் இருப்பவர் ஆஃபரை ஏற்கும்போது சேர்ந்த பிறகான ரயில் டிக்கெட் அவர் கையில் இருக்க வழியில்லை. அப்போது ‘டிக்கெட் எடுத்தாயிற்று’ என்று சொன்னால் விவரம் தெரிந்த ஹெச்.ஆர். சிரித்துக்கொள்வார். தங்கையின் கல்யாணத் தேதி என்றால் கல்யாணத் தேதி என்றே சொல்லுங்கள், அதுவே போதுமான காரணம்.

ஆறாம் படி: முதலில் தொலைபேசி, அன்றே மின்னஞ்சல்

முதலில் பேசிவிடுவது நல்லது, ஏனெனில் எழுத்தில் மட்டும் வந்தால் அது நிபந்தனை போலத் தோன்றும். ஆனால் தொலைபேசியோடு நிறுத்தக் கூடாது. பேசிய அன்று மாலைக்குள் பேசியதை எழுதி அனுப்பவேண்டும். அலுவலக வழக்கப்படி மின்னஞ்சல் ஆங்கிலத்தில்தான் போகும், உள்ளடக்கம் இப்படி இருந்தால் போதும்:

> வணக்கம் மேடம். ஆஃபர் லெட்டர் கிடைத்தது, மிக்க நன்றி. ஊதியம், பொறுப்பு இரண்டும் எனக்கு முழுச் சம்மதம். ஏற்பதற்கு முன், இன்று காலை பேசியதை எழுத்தில் பதிய விரும்புகிறேன். ஜனவரியிலேயே முடிவான ஒரு குடும்பப் பயணத்துக்காக ஜூன் 1, திங்கள் முதல் ஜூன் 12, வெள்ளி வரை (பத்து வேலை நாள்) என்னால் பணிக்கு வர இயலாது. மே 11 அன்று சேர்ந்து அந்த நாள்களை விடுப்பாக எடுத்துக்கொள்ள முடியும், கணக்கில் இல்லாத நாள்களுக்கு ஊதியப் பிடித்தம் எனக்குச் சம்மதம். ஜூன் 15 அன்று சேருவது குழுவுக்கு வசதி என்றால் அதற்கும் தயார். இவற்றில் எது பொருந்தும் என்று மேலாளரின் ஒப்புதலோடு தெரிவித்தால், ஆஃபரை உடனே ஏற்று இங்கே ராஜினாமா அளித்துவிடுவேன்.

இந்தக் கடிதத்தில் சில விஷயங்கள் வேண்டுமென்றே செய்யப்பட்டவை. தேதிகள் கிழமையோடும், வேலை நாள் எண்ணிக்கையோடும் இருக்கின்றன. ‘ஜூன் முதல் பாதியில்’ என்று எழுதினால் ஒருவர் ஐந்து நாள் என்றும் இன்னொருவர் பதினைந்து நாள் என்றும் படிப்பார். ஊதியப் பிடித்தத்தை நீங்களே முன்வந்து சொல்வதால், காசு கேட்கவில்லை, நாள்களை மட்டுமே கேட்கிறீர்கள் என்பது தெளிவாகிறது. காரணம் இரண்டே சொல்லில் நிற்கிறது. குழந்தை, அக்கா, அம்மாவின் முழங்கால் வலி என்று விரித்தால் கோரிக்கை கெஞ்சலாகிவிடும். டிக்கெட் நகலையும் அவர்கள் கேட்டாலன்றி இணைக்க வேண்டாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள்: ‘அங்கிருந்தே வேலை பார்க்கிறேன்’ என்ற வாக்குறுதி அதில் இல்லை. நல்லெண்ணத்தில் பலரும் இதைச் சொல்லிவிடுகிறார்கள். நிறுவன மடிக்கணினியை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகப் பல இடங்களில் தனி அனுமதி வேண்டும், பல வாடிக்கையாளர்கள் வெளிநாட்டிலிருந்து தங்கள் அமைப்பில் நுழைவதையே தடுத்திருப்பார்கள், சுற்றுலா விசா வேலை பார்ப்பதற்காகத் தரப்படுவதும் இல்லை. சேர்ந்த நான்காவது வாரத்தில் தகவல் பாதுகாப்புப் பிரிவிலிருந்து விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வருவது, எல்.ஓ.பி.யைவிட மோசமான தொடக்கம்.

ஏழாம் படி: வந்த பதிலைக் கவனமாகப் படியுங்கள்

‘கவனத்தில் கொண்டோம்’ என்பது ஒப்புதல் அன்று. ‘சேர்ந்த பிறகு மேலாளரோடு பேசி முடிவு செய்யலாம்’ என்பது, உண்மையில், இன்னும் முடிவு செய்யவில்லை என்பதுதான். ஒப்புதல் என்றால் அதில் தேதிகள் இருக்கும், சேரும் தேதி இருக்கும், விடுப்பு எந்த வகையில் எண்ணப்படும் என்பதும் இருக்கும். இருப்பில் உள்ளது போக மீதி எல்.ஓ.பி.யா, முன்கூட்டியே கடனாகத் தரும் விடுப்பா என்பது தெரியவேண்டும். கடனாகத் தந்தால், அது ஈடாகும் முன்பே வேலையை விட்டுப் போகிறவரிடம் கணக்கு முடிக்கும்போது பிடித்துக்கொள்வார்கள், அதையும் தெரிந்துகொண்டே ஏற்கவேண்டும். பதில் மழுப்பலாக இருந்தால், ‘நான் புரிந்துகொண்டது இது, சரிதானே’ என்று நீங்களே தேதிகளோடு எழுதி ஓர் ‘ஆம்’ வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு நுட்பமான இடம் உண்டு. சேரும் அன்று கையெழுத்து வாங்கும் பணி நியமனக் கடிதங்கள் பலவற்றில், ‘இதற்கு முன் நடந்த எல்லாப் பேச்சுகளுக்கும் கடிதங்களுக்கும் பதிலாக இந்த ஒப்பந்தமே நிற்கும்’ என்ற பொருளில் ஒரு பத்தி இருக்கும். சொல்லப்போனால் மார்ச் மாத மின்னஞ்சல் ஒப்புதலையும் அது விழுங்கிவிடக்கூடும். திருத்திய ஆஃபர் லெட்டரிலேயே ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்வது முதல் விருப்பம். கடித வடிவம் மாற்ற முடியாதது என்று சொன்னால், நியமனக் கடிதத்தில் கையெழுத்திடும் அன்றே பழைய மின்னஞ்சல் தொடரின் மேல் ‘மேற்கண்ட விடுப்பு ஏற்பாடு தொடர்கிறது என்று உறுதிசெய்யவும்’ என்று கேட்டு ஒரு பதில் வாங்கிக்கொள்வது அடுத்த வழி. ஆஃபரை ஏற்பது வலைத்தளத்தில் ஒரு பொத்தானை அழுத்துவதாக மட்டும் இருந்தால், அங்கே குறிப்பு எழுத இடம் இருக்காது. மின்னஞ்சல் பதில் கைக்கு வந்த பிறகே அதை அழுத்துங்கள்.

மறுத்துவிட்டால் என்ன செய்வது? சட்டத்தைக் காட்டிப் பேச இடமில்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 தரும் ஊதியத்துடன் கூடிய 12 நாள் ஆண்டு விடுப்பே தொடர்ந்து 12 மாதம் வேலை பார்த்த பிறகுதான் வருகிறது. எனவே சேரும் தேதியை நகர்த்த முடியுமா, பயணத்தை ஒரு வாரமாகச் சுருக்கினால் சம்மதமா என்று ஒருமுறை கேளுங்கள். அதற்கும் இல்லை என்றால், டிக்கெட்டை ரத்து செய்யும் செலவை ஒரு பக்கமும், ஆஃபரை மறு பக்கமும் வைத்து முடிவெடுக்கவேண்டியதுதான். இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை என்பதால் இரண்டு கதவும் திறந்தே இருக்கும். எழுத்தில் தர மறுத்து வாயால் மட்டும் ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லும் நிறுவனத்தை, நேராக மறுக்கும் நிறுவனத்தைவிட நான் குறைவாகவே நம்புவேன்.

எட்டாம் படி: சேர்ந்த பிறகு

சேர்ந்த முதல் வாரத்திலேயே, அந்த ஒப்புதல் மின்னஞ்சலை மேலாளருக்கு அனுப்பி நினைவூட்டுங்கள். பேசிய மேலாளரே மாறியிருக்கவும் கூடும். பிறகு விடுப்பு மென்பொருளில் விண்ணப்பத்தைப் பதியுங்கள். இருப்பு பூஜ்யமாகவோ ஒன்றரை நாளாகவோ இருப்பதால் மென்பொருள் பத்து நாள் விண்ணப்பத்தை ஏற்காமல் திருப்பிவிடுவது வழக்கம், மறுக்கப்பட்டுவிட்டதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். கிடைக்கும் நாள்களை ஒரு விண்ணப்பமாகவும், மீதியை எல்.ஓ.பி. என்ற தனி விண்ணப்பமாகவும் பதியவேண்டும், அல்லது ஹெச்.ஆர். பிரிவு தன் பக்கத்திலிருந்து பதிந்து தரவேண்டும். பதியாமல் போனால் அந்தப் பத்து நாளும் அறிவிக்காமல் வராத நாள்கள் என்று கணக்காகும், சம்பளமில்லா விடுப்பைவிட அது பதிவேட்டில் மோசமானது.

தகுதிகாண் பருவம் எந்தத் தேதியில் முடிகிறது என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். எல்.ஓ.பி. எடுத்த நாள்கள் அளவுக்கு அந்தப் பருவத்தை நீட்டிக்கும் வழக்கம் சில நிறுவனங்களில் இருக்கிறது. ஆறு மாதம் என்று நினைத்திருந்தது நவம்பர் 10இல் முடியாமல் அதற்கு மேல் ஒரு வாரம் பத்து நாள் போகலாம். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை, ஆனால் உறுதிப்படுத்தல் கடிதம் ஏன் வரவில்லை என்று அப்போது பதறவேண்டியிராது.

திரும்பி வந்த பிறகு ஜூன் மாதச் சம்பளச் சீட்டை எடுத்து, எல்.ஓ.பி. என்று எத்தனை நாள் காட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மேலே சொன்ன பெண்ணுக்கு அது ஏழாக இருக்கவேண்டும், சாண்ட்விச் விதி உள்ள இடத்தில் ஒன்பது. பத்தாகவோ பன்னிரண்டாகவோ இருந்தால் அவருடைய மூன்று நாள் விடுப்பு கணக்கில் சேரவில்லை என்று பொருள். சம்பளப் பிரிவுகள் மாதத்தின் இருபது, இருபத்தைந்து தேதிவாக்கில் கணக்கை மூடிவிடுவதால், மூடியபின் வந்த ஒப்புதல்கள் அடுத்த மாதத்தில்தான் சரிசெய்யப்படும். ஆகவே ஜூன் 15, திங்களன்று அலுவலகம் வந்ததும் முதல் வேலையாக இரண்டு விண்ணப்பங்களும் ஒப்புதல் பெற்றுள்ளனவா என்று பார்த்துவிட்டால், திருத்த அந்த வாரம் முழுவதும் அவகாசம் இருக்கும்.